முந்திரிப் பைக்குச் சிப்ஸ்காரர் சாட்சி போதுமா?

கருங்கல் பக்கம் முந்திரிப் பருப்பு பேக்கிங் செய்கிற என் சித்தப்பா மகன் ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். இதுவரை பிரிண்ட் இல்லாத பையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றவன், இந்தத் தீபாவளிக்குச் சொந்தப் பெயர் அச்சடித்த அரைக்கிலோ வாக்குவம் பை இறக்க நினைக்கிறான். பை சப்ளையர் 300 கிலோ பைக்குக் குறைந்தால் பிரிண்ட் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

"நாகர்கோவில்ல ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கம்பெனிக்கு அஞ்சு வருஷமா அவருதான் பை குடுக்காராம். நம்பர் தந்தாருண்ணே. கூப்பிட்டுக் கேட்டேன், ரொம்ப நல்ல பார்ட்டின்னு சொன்னாங்க. அட்வான்ஸ் போட்டுரட்டுமா?"

போடாதே என்றேன். அவன் கேட்ட சாட்சி பொய் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிப்ஸ்காரர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த உண்மை முந்திரிக்கு உதவாது. இது எனக்குத் தெரிந்ததே காசு கொடுத்துத்தான். என் முதல் முந்திரிப் பை பிரிண்ட் ஆர்டரையும் இதே மாதிரி ஒரு சிப்ஸ் கம்பெனியின் நல்ல வார்த்தையை நம்பித்தான் கொடுத்தேன்.

அந்தப் பை பார்க்கக் கண்ணாடி போல இருந்தது. மேலே 12 மைக்ரான் பாலியஸ்டர், உள்ளே 70 மைக்ரான் பாலித்தீன். பருப்பைப் போட்டு, காற்றை இழுத்து, சீல் வைத்தால் கல் மாதிரி இறுகும். அனுப்பின ஒன்பதாம் நாள் திருவனந்தபுரத்துக் கடைக்காரர் கூப்பிட்டார். பெட்டியில் பாதிக்குப் பாதி பை தளர்ந்து கிடக்கிறது என்றார். திரும்பி வந்த பைகளில் ஒன்றை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். சீல் வைத்த ஓரத்தில் ஒன்றுமில்லை. பையின் நடுவில், ஒரு முழுப்பருப்பின் வளைந்த முனை பிலிமில் முட்டி நின்ற இடத்திலிருந்து, ஊசி முனையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் கோத்தது மாதிரி மேலே வந்தன.

சிப்ஸ் பைக்குள் நைட்ரஜன் நிரப்பி உப்ப வைப்பார்கள். பிலிம் சிப்ஸைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். முந்திரியில் அப்படியே நேர்மாறு. காற்றை உறிஞ்சும்போது பிலிம் ஒவ்வொரு பருப்பின் முனையையும் கவ்விப் பிடிக்கும். லாரி குலுங்கக் குலுங்க அந்த முனையே பிலிமை உள்ளிருந்து தேய்க்கும். அதைத் தாங்க நடுவில் ஒரு நைலான் அடுக்கு வேண்டும். குத்தைத் தாங்குவதும் காற்று உள்ளே வராமல் தடுப்பதும் பெரும்பாலும் அந்த அடுக்கின் வேலை. சிப்ஸ்காரருக்கு நைலான் தேவையில்லை. அதனால் அதைப் பற்றி அவரிடம் சொல்லவும் ஒன்றும் இருக்காது. பை ஒன்றுக்கு மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. உள்ளே இருந்ததோ நானூறு ரூபாய்ப் பருப்பு. இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டம் இது. 5 சதவீத ஈரத்துக்குள் உலர்த்தி வைத்த பருப்பு, தளர்ந்த பைக்குள் சில வாரத்தில் மொறுமொறுப்பை இழந்து சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

எல்லா முதல் ஆர்டருக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பிரிண்ட் இல்லாத பை என்றால் 500 பை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் விடலாம். யாரையும் விசாரிக்க வேண்டாம். பிரிண்ட் பையில் அது நடக்காது. நிறத்துக்கு ஒரு சிலிண்டர், அதாவது டிசைன் செதுக்கின அச்சு உருளை, வெட்ட வேண்டும். தம்பியின் டிசைனில் ஆறு நிறம். ஆறு சிலிண்டருக்கும் பணம் முன்கூட்டியே போய்விடும், அது திரும்பி வராது. அப்புறம் அரைக்கிலோ பை ஒன்று சுமார் 8 கிராம் என்று வைத்தால், 300 கிலோவுக்கு ஏறக்குறைய 37,000 பை வரும். 18 டன்னுக்கு மேல் பருப்பை அதில் அடைக்கலாம். முதல் ஆர்டரே பெரிய ஆர்டராகிவிடுகிறது. அதனால்தான் சிலிண்டர் பணம் கட்டுமுன் யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்பது இந்த வேலையில் இவ்வளவு முக்கியமாகிறது.

தம்பிக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பேசினோம்.

சிப்ஸ்காரர் சொன்னதை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். சப்ளையர் சொன்ன தேதிக்குச் சரக்கு தருகிறாரா, பில் ஒழுங்காகப் போடுகிறாரா, நிறம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறதா, இதெல்லாம் அவருக்குத் தெரியும். பிலிம் முந்திரியைத் தாங்குமா என்பது மட்டும் தெரியாது. சப்ளையர் காட்டுகிற ஆய்வக சான்றிதழும் இப்படித்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகளின்படி பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் ஊசித்துளையைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அடுத்தது, நம்ம ஊரிலேயே இதே சப்ளையரிடம் பை வாங்குகிற இன்னொரு முந்திரிக்காரர். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற முந்திரி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, பேக்கிங் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தொழில் அறிவு என்று பார்த்தால் இவரை விடச் சரியான சாட்சி கிடையாது. பருப்பு அதே, மழை அதே, ரோடும் அதே. சிக்கல் என்னவென்றால் அவர் நம் போட்டியாளர். தீபாவளிக்குப் புதுப் பெயர் வருகிறது என்ற சேதி நாம் பேசின அன்றைக்கே அவருக்குப் போய்விடும். அவர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், எதற்காகச் சொல்கிறார் என்ற கேள்வி நமக்குள் இருந்துகொண்டே இருக்கும். நான் இந்த வழியை எடுக்க மாட்டேன். சொந்தக்காரராகவோ நெருங்கின பழக்கமாகவோ இருந்தால் மட்டும் கேட்கலாம்.

நான் சிபாரிசு செய்தது, அதே தொழில், தூரத்து ஊர். பண்ருட்டியில் முந்திரிக்காரர்கள் இருக்கிறார்கள், கொல்லத்தில் இருக்கிறார்கள், மங்களூர் பக்கமும் ஆந்திராவில் பலாசாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் விற்கிற கடையில் நாம் விற்கப் போவதில்லை, அதனால் மனம் விட்டுப் பேசுவார்கள். சப்ளையரிடம் இப்படிக் கேட்கச் சொன்னேன்: "முழுப்பருப்பை வாக்குவத்தில் அடைக்கிற ஒருத்தர், உங்ககிட்ட குறைஞ்சது மூணு தடவை ஆர்டர் போட்டவர், அவர் நம்பர் வேணும்." முழுப்பருப்பு என்று அழுத்திச் சொல்ல வேண்டும். உடைந்த பருப்போ பொடிப்பருப்போ அடைக்கிறவர்களின் அனுபவம் முழுப்பருப்புக்கு அப்படியே பொருந்தாது. மூன்று தடவை என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. முதல் ஆர்டரை எந்த சப்ளையரும் கவனமாகத்தான் செய்வார். மூன்றாவதில்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

இந்த இடத்தில் சப்ளையர் தயங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டாம். அடுத்தவர் டிசைன் இவர் கையில் இருக்கிறது, பெயரை வெளியில் சொல்லாதே என்று சில வாடிக்கையாளர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். நாளைக்கு நம் டிசைனும் அதே மேசையில்தான் கிடக்கும். அப்படியானால் அவரே அந்த வாடிக்கையாளரிடம் பேசி, நமக்குக் கூப்பிடச் சொல்லலாம். அதற்கும் வழியில்லை, பெயரும் தரமாட்டேன், கூப்பிடவும் சொல்லமாட்டேன் என்றால் எனக்கு மனசு வராது. "முந்திரிக்கு நான் இதுவரை செய்ததில்லை" என்று நேராகச் சொல்கிற சப்ளையரிடம் வேலை செய்யலாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் நாம் சோதிக்க வேண்டியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தம்பியின் சப்ளையர் இரண்டு நாள் கழித்து பண்ருட்டி நம்பர் ஒன்று தந்தார். ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன். "பை நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதனால் நடந்ததைக் கேட்கச் சொல்லியிருந்தேன்.

"சார், கடைசியா எப்போ அவர்கிட்ட பை கம்ப்ளெயின்ட் சொன்னீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "போன வருஷம் ஒரு லாட்டு மெலிசா வந்துச்சு. நூறு பை எடுத்து எடை போட்டுப் பார்த்தேன், எழுபது கிராமுக்கு மேல குறைஞ்சிது. போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல்ல ஒத்துக்கல. ஆள் அனுப்பிப் பாத்துட்டு அடுத்த பில்லுல கழிச்சிக்கிட்டாரு. மாத்தித் தரல."

இந்த ஒரு பதிலுக்காகவே அந்த போன் போட்டது தகும். இதில் மூன்று விஷயம் இருக்கிறது. இந்த சப்ளையரிடம் பிலிம் மெலிந்து வரும் ஆபத்து உண்டு. புகார் சொன்னால் காது கொடுப்பார், கொஞ்சம் இழுப்பார். கடைசியில் பணம் கழிப்பார், ஆனால் பை மாற்றித் தரமாட்டார். தீபாவளிக்கு நாலு வாரம் இருக்கும்போது மெலிந்த லாட் வந்தால், கழித்துத் தருகிற பணத்தால் தம்பிக்கு என்ன பிரயோஜனம்? அதனால் ஆர்டரை முன்னாலேயே போட வேண்டும் என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

நூறு பை எடை என்பதை யாரும் செய்யலாம். மைக்ரான் அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது, தராசு இருக்கும். பையின் நீள அகலம் மாறாதபோது எடை குறைந்தால் பிலிம் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். 810 கிராம் இருக்க வேண்டியது 735 ஆனால் ஒன்பது சதவீதம் போயிற்று. கிலோ கணக்கில் பை வாங்கினால் மெலிந்த பிலிமில் சப்ளையருக்கு லாபம் குறைவு. எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் மிச்சமாகிற பிலிம் முழுவதும் அவருக்குத்தான். பண்ருட்டிக்காரர் எண்ணிக்கையில் வாங்குகிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தம்பி கிலோ கணக்கிலேயே பேசி முடித்தான்.

இன்னொரு கேள்வி சிலிண்டரைப் பற்றியது. "சிலிண்டரை வேற இடத்துக்கு மாத்தணும்னு கேட்டா தருவாரா?" பணம் நாம் கட்டியது, ஆனால் இருப்பது அவர் ஷெட்டில். நாம் சப்ளையரை மாற்ற நினைக்கிற நாளில்தான் அது தெரியவரும். பண்ருட்டிக்காரர் கேட்டதே இல்லை என்றார். சரி, அதை ஆர்டர் தாளிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று விட்டோம்.

போனில் கேட்பதற்கு வரம்பு உண்டு. சப்ளையர் தருகிற நம்பர் எப்போதும் அவருக்குப் பிடித்த வாடிக்கையாளருடையதுதான். சண்டை போட்டுப் போனவர் நம்பரை யார் தருவார்கள்? அந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்ட யார் அனுமதியும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. அந்த வாடிக்கையாளரின் பாக்கெட்டைக் கடையில் வாங்குவது. சென்னையில் இருக்கும் எங்கள் மருமகனிடம் சொல்லி, பண்ருட்டிக்காரரின் அரைக்கிலோ பாக்கெட் நாலு வாங்கி அனுப்பச் சொன்னோம். பேக்கிங் தேதி பார்த்து, மூன்று மாசத்துக்கு முந்தியதாக எடுக்கச் சொன்னேன். மூன்றரை மாசம் ஆன பை நாலும் இறுக்கமாகவே இருந்தன. ஒரு பையை வெட்டி ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரிந்தது. தளர்ந்த பையைக் கடைக்காரர் முன்னமே ஒதுக்கியிருப்பார் என்பதால் இந்த நாலை வைத்து எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்று மாசம் தாங்கின பை என்பதைச் சொந்தமாகச் சோதிக்க நமக்கு மூன்று மாசம் ஆகும். அதைக் கடை அலமாரி நமக்காகச் செய்து வைத்திருக்கிறது.

மிச்சமிருந்தது நம் இடத்திலேயே ஓட்டிப் பார்ப்பது. விசாரித்துவிட்டோம், கடைப் பாக்கெட்டும் பார்த்துவிட்டோம், இனி எதற்கு என்று தம்பி கேட்டான். பண்ருட்டிக்காரரின் பை தாங்கியது அவருடைய மெஷினில். நைலான் போட்ட பிலிமுக்கு சீல் சூடும் நேரமும் வேறு மாதிரி வைக்க வேண்டிவரும். தம்பியின் மெஷின் பழசு. இதைப் பற்றி எந்த வாடிக்கையாளராலும் பதில் சொல்ல முடியாது. அதே மூன்று அடுக்கில், அதே மைக்ரானில், பிரிண்ட் இல்லாமல் 500 பை கேட்டோம். வேறு ஆர்டரில் மிஞ்சின பிலிமிலிருந்து வெட்டித் தந்தார், காசு வாங்கிக்கொண்டார்.

அதில் 60 பை அடைத்தோம். 30 பையைப் பேக்கிங் அறையிலேயே ரேக்கில் வைத்தோம். மற்ற 30ஐப் பெட்டியில் போட்டு, பார்சல் சர்வீஸில் சென்னைக்கு அனுப்பி, மருமகனைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னோம். ரோட்டுக் குலுக்கல் படாத சோதனை சோதனையே இல்லை. என் பழைய பையும் ரேக்கில் இருந்தவரை இறுக்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே ரேக்கில் இரண்டு பை தளர்ந்திருந்தன. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. வாளியில் அமுக்கினோம். குமிழி சீல் ஓரத்திலிருந்து வந்தது. அந்த இடத்தை வெட்டிப் பார்த்தால் பருப்புத் தூள் கொஞ்சம் சீலுக்குள் மாட்டியிருந்தது. பையை நிரப்பும்போது வாய்ப் பக்கம் தூள் ஒட்டினால் பாலித்தீன் அங்கே பிடிக்காது. இது நம் தப்பு, சப்ளையர் தலையில் போட முடியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தளர்ந்தால் சீலைப் பார்க்க வேண்டும், நாலைந்து நாள் கழித்து மெல்லத் தளர்ந்தால் பிலிமில் துளை தேட வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் சப்ளையரிடம் சண்டைக்குப் போனால், அவர் வந்து வாளியில் அமுக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை நியாயமான புகாரையும் அவர் நம்பமாட்டார். புனல் ஒன்று வாங்கி அதன் வழியாக நிரப்பியதும் அந்தத் தொல்லை நின்றது.

சென்னை போய்வந்த 30 பையில் பன்னிரண்டாம் நாள் ஒன்று தளர்ந்தது, நடுவில் துளை. மற்ற 29ம் இறுகியே இருந்தன. முப்பதில் ஒன்று என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பாலித்தீனை 60இலிருந்து 70 மைக்ரானாக ஏற்றச் சொன்னோம். கிலோவுக்குப் பை எண்ணிக்கை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

நாள் இல்லை, எல்லாவற்றையும் செய்ய முடியாது, எதை விடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. கடைப் பாக்கெட் வாங்குவதையும் போன் பேசுவதையும் சில நாளிலேயே முடித்துவிடலாம், அவற்றை விட வேண்டிய அவசியமே வராது. ஓட்டிப் பார்க்கத்தான் பதினைந்து நாள் பிடிக்கும். அந்தப் பதினைந்து நாள் கையில் இல்லை என்றால் நான் அந்த சீசனுக்குப் பிரிண்டையே தள்ளிப் போட்டு, ஸ்டிக்கர் பையிலேயே விற்கச் சொல்வேன். போன் சாட்சியை மட்டும் வைத்து 37,000 பை அடிப்பதை விட அது மேல். மாறாக, ஓட்டிப் பார்த்தாயிற்று, யாரையும் விசாரிக்கவில்லை என்றால்? பை நல்லது என்று தெரியும். லாட் கெட்டுப் போனால் அந்த ஆள் என்ன செய்வார் என்று தெரியாது. அட்வான்ஸைக் குறைத்து, மிச்சப் பணத்தைச் சரக்கு வந்து எடை பார்த்த பிறகு தருவதாகப் பேச முடிந்தால் அப்படியும் போகலாம். முதல் ஆர்டரில் அதற்கு ஒத்துக்கொள்கிற பிரிண்ட்காரர் குறைவு.

ஆர்டர் தாளில் தம்பி எழுதியது: மூன்று அடுக்கின் மைக்ரான் தனித்தனியாக, நூறு பையின் எடையும் அது எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதும், ஆர்டரின் மொத்த எடை 10 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது, சிலிண்டர் ஆறும் தன்னுடையது என்பது, பிலிம் துளையால் தளர்ந்த பைக்கு 30 நாளுக்குள் சொன்னால் பதில் பை தர வேண்டும் என்பது. கடைசி வரியைத்தான் சப்ளையர் அடிக்கப் பார்த்தார். பண்ருட்டி விஷயத்தைத் தம்பி பெயர் சொல்லாமல் எடுத்தான், "லாட் மெலிசா வந்தா எனக்குப் பணம் வேண்டாம், பைதான் வேணும், தீபாவளிக்கு நான் எங்கே போவேன்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே பிலிமில் 20 கிலோ பிரிண்ட் இல்லாமல் கையிருப்பில் வைக்கிறேன், அவசரத்துக்கு அதை உடனே தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

சிலிண்டர் பணம் போன செவ்வாய்க்கிழமை போயிற்று. தம்பி பேக்கிங் மேசைக்கு மேலே சுவரில் சாக்பீஸால் 100 பை, 880 கிராம் என்று எழுதி வைத்திருக்கிறான்.